கீழ்நோக்கிய அம்பு எதைச் சொல்கிறது: ஒரு மருந்தியல் பலகையை வாசித்தல்

"ஊட்டியில் பி.பார்ம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மழையில் கோத்தகிரி சாலை அடைபட்டதால் என் தோழி ரெனின் பாடத்துக்கு வர முடியவில்லை. அவளுக்காக போர்டைப் போட்டோ எடுத்து வைத்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள், அதனால் தமிழில் எழுதித் தரச் சொல்கிறாள். உட்கார்ந்து பார்த்தால் பாதி சுருக்கம், மீதி அம்பு. எங்கிருந்து தொடங்குவது சார்?"

தமிழை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். பொருள் புரிந்தாலும் புரியாவிட்டாலும், படத்தில் உள்ளதை உள்ள இடத்திலேயே ஒரு தாளில் படி எடுப்பதுதான் முதல் வேலை. நீலகிரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் மருந்தியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மொழிபெயர்ப்பில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை தமிழ்ச் சொல் கிடைக்காததால் நேர்வதில்லை, பலகையைப் படிக்கும்போதே நேர்ந்துவிடுகின்றன. கண் ஓர் எழுத்தைத் தெளிவாகப் பார்ப்பதற்குள் மனம் அதற்கு ஒரு பொருளைக் கொடுத்துவிடும். கையால் படி எடுத்தால்தான் எந்த இடத்தில் நாம் பார்க்கவில்லை, ஊகித்தோம் என்பது தெரியும். நீங்கள் இணைத்திருக்கும் படத்தில் சன்னல் வெளிச்சம் வலப்பக்கம் வெள்ளையாக அடித்திருக்கிறது. குளிரிலிருந்து உள்ளே வந்ததும் எடுத்ததால் லென்ஸில் ஆவி படிந்ததோ என்னவோ, கீழ் வரிகள் மங்கலாகவும் இருக்கின்றன. மூலப் படம் உங்கள் கைப்பேசியில் இருந்தால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, சிறிய எழுத்துகளின் ஓரம் கரைந்துவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்பினால் அந்தச் சேதம் இல்லை. ரத்த அழுத்தம் குறைந்தால் அதை உயர்த்த உடல் இயக்கும் ரெனின் ஆஞ்சியோடென்சின் அமைப்புதான் இந்தப் பாடம். நான் படித்த அளவில் பலகை இப்படி இருக்கிறது.

```
RAS
BP ↓ → JG → Renin
AGT → AT I
        ↓ ACE      ⊢ ACEI
      AT II → AT1 → VC
        ↓
      Aldo ↑ → Na+, H2O ret. / K+ ↓
ACEI: BK ↑ → cough, K+ ↑
C/I: preg, B/L RAS
```

தட்டச்சில் காட்ட முடியாத ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். Renin என்ற சொல்லிலிருந்து வளைந்து இறங்கும் கோடு எந்தச் சொல்லிலும் போய் முடியவில்லை. AGT-க்கும் AT I-க்கும் இடையே உள்ள அம்பின் நடுவயிற்றில் முடிகிறது. இதைத் தாளில் அப்படியே வரையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தப் பலகையில் எழுத்துகளைவிட அம்புகளே கடினமானவை. ஒரே வடிவத்தை ஆசிரியர் வெவ்வேறு வேலைகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார், எழுதும் வேகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். BP-க்குப் பக்கத்தில் உள்ள கீழ்நோக்கிய அம்பு 'குறைவு' என்று பொருள்படும். AT I-க்குக் கீழே உள்ள கீழ்நோக்கிய அம்பு 'இது அதுவாக மாறுகிறது' என்று பொருள்படும். படத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம். பிரித்தறிய நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி எளியது: அம்பின் இரு முனைகளிலும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாலிலும் சொல், தலையிலும் சொல் இருந்தால் அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இட்டுச்செல்லும் அம்பு. ஒரு சொல்லின் தோளில் ஒட்டிக்கொண்டு, மறுமுனை வெறுமையாக இருந்தால் அது கூடுதலையோ குறைதலையோ காட்டும் அம்பு.

இந்தச் சோதனையை ACE எழுதியிருக்கும் இடத்தில் செய்து பாருங்கள், ஏனென்றால் இந்தப் பலகையில் வழுக்கி விழ வாய்ப்பு அதிகமுள்ள இடம் அதுதான். அம்பும் ACE-யும் ஒட்டி நிற்பதால், மேலே BP குறைவதைப் படித்து வந்த கண் இங்கும் 'ACE குறைகிறது' என்றே படிக்கும். என்னிடம் படித்தவர்களில் நன்றாகப் படிப்பவர்களே இப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் அம்பின் மேல்முனையில் AT I இருக்கிறது, கீழ்முனையில் AT II இருக்கிறது. ஆகவே அது மாற்றத்தைக் காட்டும் அம்பு. பக்கத்தில் நிற்கும் ACE அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி. வடிவத்தை வைத்து வந்த இந்த முடிவைப் பாடத்தின் போக்கும் உறுதி செய்கிறது. ACE குறைந்தால் AT II குறைய வேண்டும், AT II குறைந்தால் ஆல்டோஸ்டீரோன் குறைய வேண்டும். ஆனால் மூன்று வரி கீழே Aldo-வின் தோளில் மேல்நோக்கிய அம்பு இருக்கிறது. தவறான வாசிப்பு மூன்று வரிக்குள் தன்னைத்தானே முறித்துக்கொள்கிறது.

அம்பின் நடுவில் முடியும் ரெனின் கோடும் இதே செய்தியைத்தான் வேறு விதமாகச் சொல்கிறது. ரெனின் எதுவாகவும் மாறுவதில்லை. கல்லீரல் உண்டாக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை வெட்டி, 10 அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின் ஒன்றை அது பிரித்தெடுக்கிறது. ACE அதிலிருந்து மேலும் 2 அமினோ அமிலங்களை நீக்க, 8 கொண்ட ஆஞ்சியோடென்சின் இரண்டு கிடைக்கிறது. ஆக, ஓர் அம்பின் பக்கத்தில் எழுதப்பட்டதும், ஓர் அம்பின் நடுவில் கோடு போட்டுச் சேர்க்கப்பட்டதும் இங்கே நொதிகள்தாம். தலைக்குப் பதில் குறுக்குக் கட்டை வைத்த கோடு தடுப்பதைக் குறிக்கும். ACEI பக்கமிருந்து வரும் கோடு அந்த வகை. படத்தில் அந்தக் கட்டையில் பாதி வெளிச்சத்தில் மறைந்து சாதாரணக் கோடு போலத் தெரிகிறது. அதை அம்பாக எண்ணிவிட்டால் மருந்து நொதியைத் தூண்டுவதாக ஆகிவிடும், பாடமே தலைகீழாகும்.

அம்புகளை இப்படி வகை பிரித்த பிறகுதான் தமிழைப் பற்றி யோசிக்கலாம். ஆங்கிலக் குறிப்பில் ஓர் அம்பு எதையும் உறுதியாகச் சொல்லாமல் தப்பித்துவிடும், தமிழ் வாக்கியத்தில் அந்த வசதி கிடையாது. 'குறைகிறது' என்றால் தானாக நடப்பது, 'குறைக்கிறது' என்றால் ஒன்று இன்னொன்றைச் செய்வது. 'மாறுகிறது', 'மாற்றுகிறது' என்பவையும் அப்படியே. ஒரு க்-ஐயோ ற்-ஐயோ போடுவதற்கு முன் செய்வது எது, செய்யப்படுவது எது என்று நீங்கள் தீர்மானித்திருக்க வேண்டும். எல்லா அம்பையும் 'ஆகிறது' என்று எழுதி ஒரு மாணவர் கொண்டுவந்த தாள் எனக்கு நினைவிருக்கிறது. அதன்படி ரத்த அழுத்தம் செல்லாகி, செல் ரெனினாகி, ரெனின் ஆஞ்சியோடென்சினாகிவிட்டிருந்தது. உங்கள் படியில் ஒவ்வொரு அம்பின் மேலும் பென்சிலால் ஒரு தமிழ் வினைச்சொல் மட்டும் எழுதிப் பாருங்கள்: குறைதல், தூண்டுதல், சுரத்தல், மாறுதல், தடுத்தல். எந்த அம்புக்கு வினை எழுதக் கை தயங்குகிறதோ அந்த அம்பை நீங்கள் இன்னும் படிக்கவில்லை.

சுருக்கங்களில் பெரும்பாலானவை இந்தப் பாடத்தில் ஐயத்துக்கு இடமில்லாதவை. JG என்பது சிறுநீரகத்தில் ரெனினைச் சுரக்கும் ஜக்ஸ்டாகுளோமருலார் செல்கள், VC என்பது ரத்தக்குழாய் சுருங்குதல், BK என்பது பிராடிகைனின், C/I என்பது கொடுக்கக் கூடாத நிலைகள். இவற்றில் நேரம் செலவிட வேண்டாம். நேரம் வேண்டியவை இரண்டு.

முதலாவது AT I, AT1. முன்னது ஆஞ்சியோடென்சின் ஒன்று என்ற வேதிப்பொருள், பின்னது அந்த வேதிப்பொருளின் குடும்பத்துக்கான ஏற்பி. கையெழுத்தில் ரோமன் ஒன்றும் சாதாரண ஒன்றும் வெறும் நேர்கோடுதான். படத்தைப் பெரிதாக்கினால் மூன்றாம் வரியில் உள்ள கோட்டுக்கு மேலும் கீழும் சிறு குறுக்குக் கோடுகள் தெரிகின்றன, ஐந்தாம் வரியில் உள்ளது சற்றுக் கீழே இறங்கிச் சிறியதாக இருக்கிறது. எழுத்து இந்த அளவு உதவாவிட்டாலும் இடம் உதவும்: AT II-லிருந்து கிளம்பும் அம்பு மறுபடியும் ஆஞ்சியோடென்சின் ஒன்றுக்குத் திரும்பிப் போக முடியாது, ரத்தக்குழாயைச் சுருக்குமுன் அது ஒரு ஏற்பியில்தான் போய் உட்கார வேண்டும். தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பத்தைத் தோழிக்குக் கடத்தாமல் 'ஆஞ்சியோடென்சின் ஒன்று' என்றும் 'ஏ.டி.1 ஏற்பி' என்றும் முழுமையாக எழுதிவிடுங்கள். இதோடு சேர்ந்த இன்னொன்று ACEI-இன் கடைசி எழுத்து. அது எண் அன்று, தடுப்பியைக் குறிக்கும் inhibitor என்ற சொல்லின் முதலெழுத்து. எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மருந்துகளின் வகைப்பெயர்.

இரண்டாவது RAS. இதில் நானே விழுந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் நடத்திய வகுப்பின் பலகையைச் செவிலியர் பயிற்சியில் இருந்தவர்களுக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். தலைப்பில் RAS என்று இருந்தது, ரெனின் ஆஞ்சியோடென்சின் அமைப்பு என்று எழுதினேன். கடைசி வரியிலும் RAS என்று இருந்தது, அங்கும் அதையே எழுதினேன். முன்னால் இருந்த B/L-க்கு 'இருபுறமும்' என்று போட்டுவிட்டு, இருபுறமும் அமைப்பு இருந்தால் மருந்து கொடுக்கக் கூடாது என்ற பொருளற்ற வாக்கியத்தை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். உடலில் எங்கும் பரவி வேலை செய்யும் ஓர் அமைப்புக்கு இருபுறம் ஏது என்று ஒரு பயிற்சி மாணவி கேட்ட பிறகுதான் உறைத்தது. கீழே உள்ள RAS என்பது renal artery stenosis, அதாவது சிறுநீரகத் தமனி சுருங்கிப்போன நிலை. சிறுநீரகம் இரண்டு, தமனியும் இரு பக்கமும் உண்டு, ஆகவே 'இருபுற' என்ற அடைமொழி பொருந்துகிறது. ஒரே பலகையில் ஒரே மூன்றெழுத்து இரண்டு பொருளில் வரலாம் என்பதால், ஒரு சுருக்கத்தை ஓரிடத்தில் அவிழ்த்துவிட்டு எல்லா இடத்திலும் அதையே போட்டு நிரப்புவது ஆபத்து. ஒவ்வொரு முறையும் பக்கத்துச் சொல்லோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது தெரிந்தால் உங்கள் வாசிப்பில் உறுதி கூடும். இரு தமனிகளும் சுருங்கியவருக்குச் சிறுநீரக வடிமுடிச்சுக்குள் வரும் ரத்தத்தின் அழுத்தம் குறைவு. ஆஞ்சியோடென்சின் இரண்டு, வடிமுடிச்சிலிருந்து வெளியேறும் நுண்தமனியை இறுக்கிப் பிடித்து, உள்ளே வடிகட்டப் போதுமான அழுத்தத்தைத் தக்க வைக்கிறது. ACEI கொடுத்தால் அந்தப் பிடி தளர்ந்து வடிகட்டல் சரிகிறது, ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுகிறது. பாடத்தோடு இவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் வாசிப்பை உறுதியானது என்றே கொள்ளலாம்.

பலகையில் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் இரண்டு குறிகள் இருக்கின்றன, உங்களையும் அவை நிறுத்தியிருக்கும். ஏழாம் வரியில் K+ குறைகிறது, எட்டாம் வரியில் K+ கூடுகிறது. படம் தெளிவில்லை என்று எண்ணி ஒன்றைத் திருத்திவிடத் தோன்றும், திருத்தாதீர்கள். ஏழாம் வரி உடல் தானாகச் செய்வது: ஆல்டோஸ்டீரோன் சோடியத்தைப் பிடித்து வைத்துப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைகிறது. எட்டாம் வரி மருந்து கொடுத்த பிறகு நடப்பது: ஆல்டோஸ்டீரோன் குறைவதால் பொட்டாசியம் ரத்தத்தில் தங்கிக் கூடுகிறது. வரியின் தொடக்கத்தில் இருக்கும் 'ACEI:' என்பது அந்த வரி முழுவதற்கும் எழுவாய். தமிழில் எழுதும்போது அதை விட்டுவிட்டால் முரண் தோழியின் தாளுக்குப் போய்ச் சேரும். 'இம்மருந்தைக் கொடுத்தால்' என்று தொடங்கினால் தீர்ந்துவிடும்.

cough என்பதில் ஒரு சிறு எச்சரிக்கை. பிராடிகைனினைச் சிதைப்பதும் ACE-யின் வேலைதான் என்பதால், அதைத் தடுத்தால் பிராடிகைனின் சேர்ந்து இருமல் வருகிறது. இது சளியில்லாத வறட்டு இருமல். (இங்கே குன்னூரில் எனலாப்ரில் சாப்பிட்டுக்கொண்டே, இருமலுக்குப் பனியைக் குறை சொல்லிக் கஷாயம் குடித்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.) ஆனால் பலகையில் 'வறட்டு' என்ற சொல் இல்லை. நீங்கள் அறிந்ததைச் சேர்க்கலாம், சேர்த்தது உங்களுடையது என்பது தெரியும்படி சேர்க்க வேண்டும். நான் பலகையில் உள்ளதை நீல மையிலும், நானாகச் சேர்த்ததைச் சதுர அடைப்புக்குள்ளும், ஐயமுள்ளதைக் கேள்விக்குறியோடும் எழுதுவது வழக்கம். ஆசிரியர் எழுதியது எது, நீங்கள் விளக்கியது எது என்று பிரித்துப் பார்க்கும் உரிமை தோழிக்கு உண்டு. அவர் நாளை விடைத்தாளில் எழுதப் போகிறவர்.

பாடப்புத்தகத்தை எப்போது திறப்பது என்பதிலும் என் கருத்து சற்றுக் கண்டிப்பானது. முழுப் படியும் எடுத்து, அம்புகளுக்கு வினை எழுதி முடித்த பிறகே திறக்க வேண்டும். முன்பே திறந்தால் புத்தகத்தில் இருப்பதைப் பலகையில் பார்க்கத் தொடங்கிவிடுவோம். புத்தகம் நம் வாசிப்பு பொருந்துகிறதா என்று மட்டும் சொல்லும், ஆசிரியர் என்ன எழுதினார் என்று சொல்லாது.

இதற்குச் சரியான உதாரணம் உங்கள் படத்தின் வலது கீழ் மூலை. டஸ்டர் பட்டுப் பாதி அழிந்த நிலையில் அங்கே ஏதோ இருக்கிறது. என் கண்ணுக்கு அது β எழுத்துப் போலவும், அதன் பின் ஒரு கோடு போலவும் தெரிகிறது. Renin நோக்கி ஒரு கீற்றும் போகிறது. பீட்டா-1 ஏற்பி தூண்டப்பட்டால் ரெனின் சுரப்பு கூடும், பீட்டா தடுப்பி மருந்து அதைக் குறைக்கும். இரண்டுமே இந்தப் பாடத்தில் வரக்கூடியவைதாம். இரண்டும் பொருந்துவதால்தான் எதையும் எழுதக் கூடாது என்கிறேன், ஏனென்றால் ஒன்று ரெனினைக் கூட்டுவது, மற்றொன்று குறைப்பது. கீற்றின் முனையில் அம்புத்தலை இருந்ததா குறுக்குக் கட்டை இருந்ததா என்பதைப் படம் காட்டவில்லை. அது இந்தப் பலகையின் எழுத்துதானா, முந்தைய வகுப்பின் மிச்சமா என்பதையும் படத்தை வைத்துச் சொல்ல இயலாது. மார்க்கரின் நிறம் மற்ற வரிகளோடு ஒத்திருக்கிறது என்பது வரைதான் என்னால் சொல்ல முடியும்.

மற்றவற்றை ஒட்டி எழுதினால் தமிழ் வடிவம் ஏறத்தாழ இப்படி வரும். 'ரத்த அழுத்தம் குறையும்போது சிறுநீரகத்தின் ஜக்ஸ்டாகுளோமருலார் செல்கள் ரெனினைச் சுரக்கின்றன. ரெனின், ஆஞ்சியோடென்சினோஜனை ஆஞ்சியோடென்சின் ஒன்றாக மாற்றுகிறது. அதை ACE நொதி ஆஞ்சியோடென்சின் இரண்டாக மாற்றுகிறது; ACEI மருந்துகள் இந்த நொதியைத் தடுக்கின்றன. ஆஞ்சியோடென்சின் இரண்டு, ஏ.டி.1 ஏற்பியில் செயல்பட்டு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. ஆல்டோஸ்டீரோன் சுரப்பையும் கூட்டுகிறது. ஆல்டோஸ்டீரோன் சோடியத்தையும் நீரையும் உடலில் தங்கச் செய்கிறது, பொட்டாசியத்தைக் குறைக்கிறது. ACEI கொடுத்தால் பிராடிகைனின் கூடி [வறட்டு] இருமல் வரும், ரத்தப் பொட்டாசியமும் கூடும். கருவுற்றவர்களுக்கும், இரு சிறுநீரகத் தமனிகளும் சுருங்கியவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. வலது கீழ் மூலை: படிக்க முடியவில்லை (?).'

நொதி, மருந்து, ஹார்மோன் ஆகியவற்றின் பெயர்களுக்குத் தனித்தமிழ் தேட வேண்டாம். தேர்வு ஆங்கிலத்தில்தான், கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பதும் அதே பெயரில்தான். வாக்கியத்தின் எலும்பாகிய வினைகள் தமிழில் இருந்தால் போதும். பெயரை முதல் முறை தமிழ் எழுத்தில் எழுதி, பலகைச் சுருக்கத்தை ஓரத்தில் அதே வரிக்கு நேராகக் குறித்துவிட்டால், படத்தையும் தாளையும் பக்கத்தில் வைத்து அவரால் ஒப்பிட்டுப் படிக்க முடியும்.

மூலையைப் பற்றி ஆசிரியரிடம் கேட்பதென்றால், 'போர்டு புரியவில்லை மேடம்' என்று முழுப் படத்தையும் நீட்டாதீர்கள். அவருக்கும் அன்று எழுதியது முழுவதும் நினைவிருக்காது. அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்து, 'ரெனினுக்குப் போகும் இந்தக் கோடு கூட்டுவதா, தடுப்பதா மேடம்?' என்று கேளுங்கள். ஒரு சொல்லில் பதில் வரும். வரும்வரை அந்த இடத்தில் கேள்விக்குறி இருக்கட்டும்.